அம்பத்தஞ்சு செகண்டு வீடியோ

உங்க வீட்டில் கடையோ மெஸ்ஸோ இருந்தால், "நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற, ஒரு வீடியோ போட்டுக் குடு"ன்னு ஒருநாள் கேட்பாங்க. எனக்கு அது 2025 பிப்ரவரியில் வந்தது. எங்களுடையது காபித்தூள் கடை. கால் கிலோ 160 ரூபாயிலிருந்து 200 ஆகப் போகுது, அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சொல்லணும். அவ்வளவுதான் வேலை.

முதல் வீடியோவை நான் சொதப்பினேன். சோக மியூசிக், "தவிர்க்க முடியாத காரணங்களால்"னு ஒரு தொடக்கம், பிரேசில் வறட்சி பற்றி அரை நிமிஷம், மூன்று தடவை மன்னிப்பு, கடைசியில் விலை. பக்கத்து வீட்டு அத்தையிடம் காட்டினேன். பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, "எவ்வளவுடா ஏத்திருக்கீங்க, அதைச் சொல்லு"ன்னாங்க. விலையைக் கடைசியில் வைத்தால், அதுவரை சொன்னதெல்லாம் சமாளிப்பாகத்தான் கேட்கும்.

அடுத்ததுக்கு முன்னாடி அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிரேசில், வியட்நாம் ரெண்டிலும் 2024இல் வறட்சி. அந்த பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு நாலு டாலரைத் தாண்டியிருந்தது. நம்ம ஊர் கொட்டையும் அந்த விலையைப் பார்த்துதான் ஓடும். நாங்கள் பாதி அராபிகா, பாதி ரோபஸ்டா கலக்கிறோம். எங்களுக்குப் பச்சைக்கொட்டை சராசரியாகக் கிலோ 380லிருந்து 560 ஆகியிருந்தது. 180 ரூபாய் ஏற்றம்.

ஆனால் தூளில் ஏறுவது 180 இல்லை. வறுக்கும்போது ஈரம் போய் ஒரு கிலோ கொட்டை 820 கிராம் ஆகிடும். அதனால் வறுத்த கொட்டையில் ஏற்றம் கிட்டத்தட்ட 220. எங்கள் தூளில் காபி 80 சதவீதம், மீதி சிக்கரி. சிக்கரி விலை மாறலை. 220இல் 80 சதவீதம் 176. கால் கிலோவுக்கு 44. அப்பா 40தான் ஏற்றச் சொன்னார்.

இங்கேதான் குறுக்குவழி ஒன்று இருக்கு. விலையைத் தொடாமல் சிக்கரியை 40 சதவீதம் ஆக்கலாம். டிகாக்ஷன் இன்னும் கறுப்பாத்தான் இறங்கும், பலபேருக்குத் தெரியாது. காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, கலவை விகிதத்தை பாக்கெட்டில் போட்டால் சட்டப்படியும் சரி. அப்பா யோசிக்காமல் இல்லை. ரெண்டு நாள் யோசித்தார். அப்புறம், "அதையும் தனியா வெச்சு, பேர் சொல்லி விப்போம்"னார்.

ரெண்டாவது வீடியோவில் மியூசிக் இல்லை. அப்பாவே பேசினார். முதல் வாக்கியமே, "மார்ச் 1லேர்ந்து கால் கிலோ 160 இல்லை, 200." அடுத்து தராசு. ஒரு கிலோ பச்சைக்கொட்டையை வைத்துக் காட்டி, அதையே வறுத்து மறுபடி வைத்தார். 820. "இதுல போற எடையும் விலையிலதான் வருது. கொட்டை கிலோ 380 இருந்தது, இப்ப 560." பிரேசிலுக்கு ஒரே ஒரு வாக்கியம். பிறகு, "கலவையை மாத்தலை, அதே 80-20தான். 200 கட்டாதுன்னா 60-40 இருக்கு, 150 ரூபா. காபி கொஞ்சம் லேசா இருக்கும். பழைய விலைக்குன்னு மொத்தமா வாங்கி வைக்காதீங்க, ரெண்டு வாரத்துல வாசனை போயிடும்." 55 செகண்டில் முடிந்தது.

"தரத்துக்காக ஏற்றினோம்"னு ஒரு வரி சேர்க்கலாம்னு கேட்டேன். தரம் அப்படியேதானே இருக்கு, எதுக்குன்னார். எடுத்துவிட்டேன்.

இன்னொரு வரியில்தான் பெரிய சண்டை. "கொட்டை விலை குறைஞ்சா நாங்களும் குறைப்போம்"னு சொல்லச் சொன்னேன். அப்பா மறுத்தார். சொன்னா செய்யணும்டா, கையில பழைய சரக்கு இருக்கும்போது எப்படிக் குறைக்கிறது? நியாயம்தான். கடைசியில் அவரே வேற மாதிரி சொன்னார்: "குறைஞ்சா, கையிருப்பு தீர்ந்ததும் குறைப்போம். ஒரு மாசம் ஆகும்."

சிலர் வேற கடைக்குப் போனாங்க. 60-40க்கு மாறியவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். எங்ககிட்ட சண்டைக்கு வந்தவர் யாருமில்லை.

ஜூலையில் ரோபஸ்டா நல்லா இறங்கியிருந்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் கடைக்கு வந்து, கல்லா மேல போனை வெச்சு, அந்தக் கடைசி வரியை மட்டும் ஓட்டிக் காட்டினார். "என்ன தம்பி, மாசம் ஆச்சா?"

அப்பா பில் புக்கை எடுத்தார். ரோபஸ்டா கிலோவுக்கு 90 குறைஞ்சிருக்கு, அராபிகா அப்படியே. நான் போனில் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டேன், கால் கிலோவுக்கு 11 வந்தது. அன்னிக்குச் சாயந்திரம் போர்டில் 200ஐ அழித்து 190னு எழுதினார். வாத்தியாருக்கு மட்டும் அப்பவே 190 போட்டார். அதற்கான வீடியோ 12 செகண்டு.