யாருக்கு நஷ்டம்?

எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சைக்கு இரண்டே நாள். எனக்கும் என் பெஞ்சுத் தோழனுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய வினாத்தாள். அவன் அண்ணன் கொடுத்தது. கூடவே யாரோ கையால் எழுதிய விடைகளும் இருந்தன. அவன் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒருவர் இரண்டு மாடுகளைத் தலா 990 ரூபாய்க்கு விற்கிறார். (அந்தக் காலத்தில் அந்த விலைக்கு மாடா என்று கேட்காதீர்கள், அது கணக்கு மாடு.) ஒன்றில் 10 சதவீத லாபம், மற்றதில் 10 சதவீத நஷ்டம். மொத்தத்தில் என்ன? லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்றது விடை. "சரிதானே, இங்கே 99 வந்தது, அங்கே 99 போனது" என்றேன்.

"போடா, சதவீதம் வாங்கின விலைக்குடா, வித்த விலைக்கு இல்ல" என்றான் அவன். அவன் அப்பா மாட்டுத் தரகர். நான் விடவில்லை. தாளை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஓரம் கிழிந்தது.

கடைசியில் போட்டுக் காட்டினான். 900 ரூபாய் மாட்டில் 90 லாபம் வைத்தால் 990. 1,100 ரூபாய் மாட்டில் 110 போனாலும் அதே 990. வாங்கியது 2,000, விற்றது 1,980. இருபது ரூபாய் நஷ்டம்!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று காலைதான் அந்தத் தப்பு விடையை நாலு பையன்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ராத்திரியே சைக்கிளில் டபுள்ஸ் போனோம். மூன்று பேர் திருத்திக்கொண்டார்கள். நாலாமவன் தூங்கிவிட்டான். "இருபது ரூபாய் நஷ்டம்னு அவன்கிட்ட சொல்லிடுங்கம்மா" என்றேன் அவன் அம்மாவிடம்.

அந்த அம்மா பதறிப்போய், "ஐயையோ, யாருக்குப்பா?" என்றார்.