மூன்று ‘நலம்’

எங்கள் கைநூலின் முதல் பக்கத்தில் என் பழைய கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறோம். ஒரு கர்ப்பிணியைப் பற்றி மூன்று வரிகள், மூன்று திகதிகள், மூன்றிலும் ஒரே சொல்: நலம். அவளுடைய பெயரை மட்டும் மறைத்திருக்கிறோம்.

நான் சுகாதாரத் தொண்டராகச் சேர்ந்த முதல் வருஷம் அது. மூன்றாவது ‘நலம்’ எழுதி நாலாம் நாள், பிரஷர் ஏறி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அதில் என் கொப்பிக்கு ஒரு பங்கும் இல்லை. மிட்வைப் அம்மா என்னைத் திட்டவில்லை. “முகம் ஊதியிருந்துச்சா? தலைவலின்னு சொன்னாளா?” என்று மட்டும் கேட்டார். முகம் கொஞ்சம் உப்பியிருந்ததை நான் கண்டிருந்தேன். பிள்ளைத்தாய்ச்சிப் பூரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். தலைவலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. ‘நலம்’ என்பது நான் கண்டது அல்ல, கண்டதை வைத்து நானே சொல்லிக்கொண்ட தீர்ப்பு. தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. கண்டதை எழுதியிருந்தால், அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்.

ஹுன்னஸ்கிரியவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு இப்போது எனக்கு. அவர்களுக்கென்று ஒரு கைநூல் எழுத உட்கார்ந்தபோது, முதலில் எல்லாவற்றையும் எழுதப் பார்த்தோம். டேவிட் வெர்னர் மெக்சிகோ மலைக்கிராமங்களில் இருந்து எழுதி, 1973இல் ஸ்பானிய மொழியில் வந்த ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ போல ஒன்று வேண்டும் என்று ஆசை. ஆனால் இங்கே நிலைமை வேறு. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்துவந்த ஏற்பாடு நம்முடையது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மிட்வைப் இருக்கிறார், அவரிடம் பதிவேடுகள் இருக்கின்றன, தாயின் கையில் கர்ப்பகாலக் கார்ட் இருக்கிறது. அதையெல்லாம் தொண்டரும் பார்த்து எழுதினால் ஒரே தாய்க்கு இரண்டு திகதி, இரண்டு நிறை வந்து சேரும். பிறகு எது சரி என்று தேடுவதே வேலையாகிவிடும். அதனால் கார்ட்டில் இருப்பதைக் கொப்பியில் திரும்ப எழுதக் கூடாது என்று முடிவெடுத்தோம். கார்ட்டுக்குத் தெரியாதவை மூன்றே: ஆள் இப்போது எங்கே இருக்கிறாள், போன தடவைக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது, நான் மறுபடி எப்போது போகவேண்டும். எங்கள் கொப்பியில் அவை மட்டும் போதும்.

முதல் வேலை கணக்கெடுப்பு. லயத்தில் காம்பராவை எண்ணினால் குடும்பத்தை எண்ணியதாகாது. ஒரு காம்பராவில் அப்பாவும் மகனும் தனித்தனி அடுப்பு வைத்திருப்பார்கள். இஸ்தோப்பை மறைத்துக் கட்டிய இடத்தில் புதுமாப்பிள்ளை குடியிருப்பான். கதவை எண்ணிக்கொண்டு போனால் அவன் பெண்சாதி கணக்கில் வரமாட்டாள். இந்தத் தடவை முழுகாமல் இருப்பவள் பெரும்பாலும் அவளாகத்தான் இருப்பாள். அதனால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று வைத்தோம். “இங்கே எத்தனை அடுப்பு?” என்று கேட்டால் யாருக்கும் சங்கடமில்லை, பதிலும் சரியாக வரும்.

அடுத்தது நேரம். காலையில் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறியபின் லயத்துக்குப் போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்பு மூட்டி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்தபிறகு போகவேண்டும். அப்படிப் போயும் வீடு பூட்டியிருந்தால் ‘வீடு பூட்டு’ என்று எழுதவேண்டும். புதியவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். வெறுமையான கட்டத்துக்கு மூன்று அர்த்தம் உண்டு: போகவில்லை, போனேன் ஆள் இல்லை, போனேன் ஆனால் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எழுதியவளுக்கே அது எது என்று நினைவிருக்காது. ‘வீக்கம் இல்லை’ என்று எழுதினால் பார்த்திருக்கிறாள் என்று தெரியும். அதனால் ‘இல்லை’ என்ற சொல்லை முழுதாக எழுதச் சொல்கிறோம்.

ஒரு நடப்பைச் சொல்கிறேன். மூன்றாம் லயத்தில் ஒரு பெண் இன்னும் கிளினிக்கில் பதியவில்லை. கடைசியாகத் தலைமுழுகிய திகதி கேட்டால் தெரியாது என்றாள். தொண்டராகப் போன பிள்ளை அந்த இடத்தை விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் நானும் கூடப்போனேன். “பொங்கலுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டேன். “முந்தித்தான் அக்கா. பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும். தலைமுழுகின அன்னைக்குத்தான் சம்பள முற்பணம் குடுத்தாங்க.” முற்பணம் கொடுத்த நாள் புருஷனுக்கு நினைவிருந்தது: ஜனவரி 10. ஆனால் நமக்கு வேண்டியது தலைமுழுகிய நாள் அல்ல, தீட்டு வந்த முதல் நாள். அதற்கு இரண்டு நாள் முன்னே என்றாள். ஆக, ஜனவரி 8. அதோடு ஏழு நாளைக் கூட்டினால் 15. ஒன்பது மாதம் தள்ளினால் அக்டோபர் 15.

இந்தக் கணக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் பொருந்தும். அவர்களிலும் சொன்ன நாளிலேயே பெறுகிறவர்கள் கொஞ்சப்பேர்தான். அதனால் ‘அக்டோபர் 15’ என்று மட்டும் எழுதாமல், பக்கத்தில் ‘செப்டம்பர் 24 முதல் ஆயத்தம்’ என்றும் எழுதினோம். மூன்று கிழமை முன்னதாகவே எந்த நாளிலும் வலி வரலாம் என்று அதற்கு அர்த்தம். துணிப்பை கட்டியிருக்கவேண்டும், ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற ஓட்டோக்காரரின் நம்பர் சுவரில் இருக்கவேண்டும். பிறகு கிளினிக்கில் ஸ்கேன் செய்து வேறு திகதி கார்ட்டில் எழுதினால் எங்கள் திகதியை வெட்டிவிட்டுக் கார்ட்டையே பின்பற்றவேண்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கொப்பியில் இருந்த கடைசி இரண்டு வரிகள் இவை. ‘5.9: கால் வீக்கம் இல்லை. தலைவலி இல்லை. பிள்ளை துடிக்கிறது. அடுத்து 19.9.’ ‘19.9: முகம், கை ஊதியிருக்கிறது. இரண்டு நாளாகத் தலைவலி. கண் மங்குகிறது. மிட்வைப்புக்குப் போன் செய்தேன். பின்னேரம் 5.40க்கு ஓட்டோவில் தெல்தெனிய ஆஸ்பத்திரி.’ முதல் வரியில் ‘வீக்கம் இல்லை’ என்று இருந்ததால்தான் இரண்டாம் வரி புதிய மாற்றம் என்று தெரிந்தது. கால் மட்டும் கொஞ்சம் வீங்குவது நிறையப் பேருக்கு உண்டு. முகமும் கையும் ஊதி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அனுப்பவேண்டும்.

வழிகாட்டிக்கும் கைநூலில் ஒரு பக்கம் இருக்கிறது. போகாமலே எழுதிய கொப்பியைக் கண்டுபிடிப்பது சுலபம். இருபது வீடும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருக்கும், மழையில் நனைந்த ஒரு தாளும் இருக்காது. ‘வீடு பூட்டு’ ஒன்றுகூட இருக்காது. ஆனால் அதைக் காட்டி ஏசினால் அடுத்த மாதம் இரண்டு பேனாவில் எழுதிக்கொண்டு வருவாள், அவ்வளவுதான். “எத்தனை வீடு போனாய்?” என்று நாங்கள் கேட்டதுதான் அவளை அப்படி எழுதவைத்தது. அதனால் முதல் இரண்டு மாதம் எண்ணிக்கை கேட்பதில்லை. கொப்பியில் மூன்று வீட்டைத் தொட்டு, அவளோடு கூடப்போய் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பப் பார்க்கிறோம்.

போன மாதம் சேர்ந்த பிள்ளை முதல் கிழமைக் கொப்பியைத் தயங்கித் தயங்கித்தான் நீட்டினாள். “எழுத ஒண்ணுமே இல்லக்கா” என்றாள். ஒன்பது வரி இருந்தது. அதில் நாலு ‘வீடு பூட்டு’, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மறுபடி போகவேண்டிய நாள். கைநூலின் முதல் பக்கத்தைத் திருப்பி, என் மூன்று ‘நலத்தை’ அவளுக்குக் காட்டினேன்.