3 மணிக்கு ஜிம்மி

ஜிம்மி எங்களோடு 13 வருடம் இருந்தான். நாயை 'அது' என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. கடைசி எட்டு மாதம் அவனுக்குச் சிறுநீரகம் பழுது. சிறுநீரகம் பழுதான நாய் தண்ணீரை ஓயாமல் குடிக்கும், குடித்தது அப்படியே வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு இரவும் 3 மணியளவில் படுக்கையறைக் கதவை நகத்தால் சுரண்டுவான். எங்களில் ஒருவர் நர்ஸ், மற்றவர் பஸ் சாரதி. அன்றிரவு வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர் எழும்பிப் பின்கதவைத் திறந்துவிடுவோம்.

அவன் போன பிறகும் அந்த 3 மணி விழிப்பு நிற்கவில்லை. சுரண்டுகிற சத்தம்கூடக் கேட்டது. எழும்பிப் பார்த்தால் ஹீட்டர் குழாய் குளிர்ந்து சுருங்கும் சத்தம். எங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. மாதக்கணக்காக ஒரு சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்த மூளை, அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த எதையும் அதுவாகவே எடுத்துக்கொள்கிறது. மனிதரை இழந்த வீடுகளிலும் இப்படிக் கேட்பது உண்டு.

கனவுகளும் அந்த நேரத்தில்தான் வந்தன. அதற்குக் காரணம் இருக்கிறது. நித்திரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. முன்னிரவில் ஆழ்ந்த நித்திரை அதிகம். நல்ல தெளிவான கனவு வரும் நித்திரை பின்னிரவில்தான் நீளுகிறது. கனவின் நடுவில் விழித்தால்தான் அது நினைவில் நிற்கும். 3 மணிக்கும் 5 மணிக்கும் விழித்துக்கொள்ளப் பழகியிருந்த நாங்கள், மற்ற வீட்டார் மறந்துவிடுகிற கனவுகளையும் பிடித்துக்கொண்டோம். நைட் டியூட்டி முடிந்து விடுமுறை நாளில் ஊன்றித் தூங்கும்போது இன்னும் அதிகம் வந்தன.

பெரும்பாலும் ஒரே கனவு: அவனுடைய தண்ணீர்ச் சட்டி வெறுமையாக இருக்கும், நாங்கள் குழாயைத் திறப்போம், தண்ணீர் வராது. நிஜத்தில் அந்தச் சட்டி ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. ஆனாலும் ஊசி போடச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தவர்களுக்கு, "இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாமோ" என்ற கேள்வி பகலில் அடங்கி, இரவில் இப்படி வேறு உருவில் வருகிறது.

எங்கள் ஒன்பது வயது மகளின் கனவுதான் எங்களைக் கலங்க வைத்தது. பார்க்க வந்த ஒருவர் ஆறுதலாக, "ஜிம்மியைத் தூங்க வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்" என்றார். இங்கே ஆங்கிலத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்கு அந்தச் சொல் ஆகாது. மிருக வைத்தியர் முதலில் மயக்க ஊசியும், பிறகு இதயத்தை நிறுத்துகிற அளவு மருந்தும் ஏற்றினார். இறந்தபின் நாயின் கண் மூடாது என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். மகள் அந்தக் கண்ணைப் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு கனவில் அந்த இரும்பு மேசையில் படுத்திருப்பது அவள். கீழே நின்று பார்ப்பது ஜிம்மி. படுக்கைக்குப் போகவே மாட்டேன் என்றாள்.

முதலில் சொல்லைத் திருத்தினோம். அவன் தூங்கவில்லை, இறந்துவிட்டான். இதயம் நின்றுவிட்டது, நோவு இல்லை. நீ தூங்கினால் விழிப்பாய். பிறகு, திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்குச் செய்கிற ஒரு பயிற்சியைச் செய்தோம். கனவை வெளிச்சத்தில் முழுதாகச் சொல்ல வேண்டும், முடிவைத் தான் விரும்பியபடி மாற்ற வேண்டும், அந்தப் புதிய கதையைத் தினமும் பத்து நிமிடமாவது மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். படுக்கும் நேரத்தில் அல்ல. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் செய்தோம். முடிவை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. மேசையிலிருந்து குதித்து, கதவைத் திறந்து, இருவரும் பார்க்குக்கு ஓடுவதாக அவளே படம் வரைந்தாள். முதல் வாரத்தில் பழைய கனவு இரண்டு தரம் வந்தது. மூன்றாம் வாரம் ஒரு தரம். ஒரு மாதமாகியும் பிள்ளை படுக்கப் பயந்தாலோ, பகலில் சாப்பாடும் பள்ளிக்கூடமும் குழம்பினாலோ டாக்டரிடம் போவதென்று வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

"நாய்க்குப் போய் இவ்வளவா?" என்று ஊரிலிருந்து அம்மம்மா போனில் கேட்டா. அவவின் வளவில் நாய் முற்றத்தில்தான் படுக்கும், அவவில் பிழையில்லை. ஆனால் தாவீதிடம் நாத்தான் சொன்ன கதையில், ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் அப்பத்தையே தின்று, மடியிலே படுத்து, மகளைப்போல வளர்ந்தது. அதைக் கேட்டுத்தான் ராஜாவுக்குக் கோபம் மூண்டது. அன்று வேதபாடத்தில் அதை வாசித்தபோது, மகள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன கிழமை அவள் கனவில் ஜிம்மி பார்க்கில் ஒரு குட்டைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தானாம். "நிறையக் குடிச்சான், அம்மா. ஆனா வெளியில போகணும்னு கேக்கவே இல்ல," என்றாள்.