படத்தில் இருந்த சலாகை வரைபை அட்டவணையாக்கிய கதை

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்க மழைமானியில் அளந்து எழுதிய கொப்பி, வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு போன் படம் மட்டும்தான். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த சலாகை வரைபை யாரோ நின்ற நிலையில் எடுத்து ஆசிரியர் குறூப்பில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து பன்னிரண்டு மாத மழைவீழ்ச்சியையும் திரும்ப எடுக்க முடியுமா என்று தரம் 10 பிள்ளைகள் வந்து கேட்டார்கள். அவர்களுடைய செயற்திட்டத்துக்கு அது வேண்டும்.

எடுக்கலாம். ஆனால் எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நாங்கள் படத்தைக் கணினியில் பெயின்ட் மென்பொருளில் திறந்தோம். எலிச் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால் அந்த இடத்தின் பிக்சல் எண்களைக் கீழே காட்டும். அதில் பூச்சியம் படத்தின் மேலே இருக்கிறது, கீழே போகப் போக எண் கூடும். பிள்ளைகளுக்கு இதுதான் முதலில் தலைகீழாகத் தெரியும். இடது ஓரத்தில் 400 மி.மீ கோடு 92இல் இருந்தது, பூச்சியக் கோடு 412இல். ஆக 320 பிக்சல் என்பது 400 மி.மீ, ஒரு பிக்சல் 1.25 மி.மீ.

இதோடு நின்றுவிடாமல் வலது ஓரத்தையும் பார்த்தோம். அங்கே அதே கோடுகள் 98இலும் 418இலும் இருந்தன. இடைவெளி அதே 320தான், அதனால் அளவிடை மாறவில்லை. ஆனால் போன் கொஞ்சம் சரிந்திருக்கிறது. (ஒரு பக்கம் 320, மறுபக்கம் 310 என்று வந்திருந்தால் வேலை கூடியிருக்கும், ஒவ்வொரு சலாகைக்கும் தனி அளவிடை எடுக்க வேண்டி வரும்.) எனவே எல்லாவற்றுக்கும் ஒரே அடிக்கோட்டைப் பிடிக்காமல், ஒவ்வொரு சலாகையையும் அதன் சொந்த அடியிலிருந்தே அளந்தோம்:

```
மழை (மி.மீ) = (அடி y − உச்சி y) × 1.25
```

ஜனவரி: 412 − 249 = 163 பிக்சல், அதாவது 204 மி.மீ. ஒக்டோபர்: 417 − 252 = 165 பிக்சல், 206 மி.மீ. ஒக்டோபருக்கும் 412ஐயே அடியாக எடுத்திருந்தால் 200 என்று வந்து, ஜனவரி முந்தியிருக்கும். ஆறு பிக்சல் சரிவுக்கு இவ்வளவு பலம்.

அடுத்தது பிழை எவ்வளவு என்பது. சலாகையின் ஓரம் படத்தில் மங்கலாக இருந்தது. இரண்டு பேர் தனித்தனியாக வாசித்தபோது இரண்டு பிக்சலுக்கு மேல் விலகவில்லை, அது ஏறத்தாழ 2.5 மி.மீ. அதோடு பிள்ளைகள் வரைபுத்தாளில் 1 சென்ரிமீற்றருக்கு 50 மி.மீ என்று வரைந்திருந்தார்கள், சின்னச் சதுரம் ஒன்றுக்கு 5 மி.மீ. கிட்டிய கோட்டுக்கு நிறம் தீட்டியதில் இன்னொரு 2.5 போகலாம். இரண்டையும் கூட்டி ±5 என்று வைத்தோம். படத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் இந்த இரண்டாவது 2.5 குறையாது, அது தாளிலேயே இருக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி கிடைத்தது. டிசம்பர் சலாகையின் மேல் மட்டும் பிள்ளைகள் 318 என்று எண்ணை எழுதியிருந்தார்கள். அதைப் பார்க்காதது போல் நாங்கள் அளந்ததில் 253 பிக்சல், 316 மி.மீ வந்தது. ±5க்குள் நிற்கிறது.

அட்டவணையின் ஒரு பகுதி இப்படி:

ஜனவரி: 204 ± 5
ஜூன்: 5க்குக் குறைவு
ஜூலை: 10 ± 5
ஒக்டோபர்: 206 ± 5
நவம்பர்: 341 ± 5
டிசம்பர்: 318 (வரைபில் எழுதியிருந்தது)

நவம்பருக்கு 341.25 என்று போடுங்களேன், கணிப்பானில் அப்படித்தானே வருகிறது என்று ஒரு சேர் சொன்னார். அந்த .25 மழைமானியிலிருந்து வந்ததில்லை, எங்கள் பெருக்கலிலிருந்து வந்தது. ஜூன் மாதம் அடிக்கோட்டோடு ஒட்டிய ஒரு தடித்த கோடு மட்டும். அதற்குப் பூச்சியம் போட்டால் மழையே இல்லை என்று சாட்சி சொல்வதாகிவிடும், அதனால் ‘5க்குக் குறைவு’. ஜூலையையும் கவனியுங்கள். அதே ±5தான், ஆனால் அங்கே அது பெறுமானத்தில் பாதி. ஜூலையை வைத்து வீதம் கணிக்க வேண்டாம் என்று அட்டவணைக்குக் கீழே எழுதிவிட்டோம்.

தலைப்பிலும் ‘போன் படத்திலிருந்து வாசித்தது, ±5 மி.மீ’ என்று போட்டோம். அட்டவணையை மட்டும் யாராவது பிரதி எடுத்தாலும் அந்த வரி கூடவே போகும்.

பிள்ளைகளின் செயற்திட்டத்தில் ‘ஜனவரியை விட ஒக்டோபரில் கூடுதல் மழை’ என்று ஒரு வசனம் இருந்தது. 204க்கும் 206க்கும் இடையில் ±5ஐ வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. நவம்பரில்தான் ஆகக் கூடிய மழை என்ற வசனம் மட்டும் அப்படியே நின்றது.