ஒரே பதில், இரண்டாவது கேள்வி

பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலையில் 9ஆம் தரப் பிள்ளைகளிடம், வீட்டில் ஒருவரின் தொழிலைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். கொப்பிகளில் ஒரே பதில்: "தோட்ட வேலை". பிழை என் கேள்வியில்தான். "நேத்து ஸ்டோருக்குள்ள போனதிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதி வந்தாள். அவள் அப்பாவுக்குக் கொழுந்து வாட்டும் இடத்தில் இரவு வேலை. 12 மணி நேரத்துக்கு மேல் வாடிய கொழுந்தை உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பாராம். கையை விரித்ததும் உருண்டை சட்டென்று குலையக் கூடாது. காம்பு ஒடியாமல் வளைய வேண்டும். வாட்டம் போதாவிட்டால் ரோலரில் சாறு வழிந்து வீணாகும். மழை நாளில் சூடான காற்று விட வேண்டும்.

"அப்பாவுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாது டீச்சர்" என்றாள்.

அடுத்த வாரக் கேள்வி: "இதை யாருகிட்டப் படிச்சீங்க?"