இன்பாக்ஸில் வந்த கேள்விகள்

எங்கள் முதல் வாட்ஸ்அப் குழு மூன்றே மாதத்தில் செத்துப்போனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்காக நிற்கும் இளம் வழக்கறிஞர்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று தொடங்கினோம். ஒரு வாரத்தில் 140 பேரைச் சேர்த்துவிட்டு, அந்த எண்ணைப் பார்த்துப் பெருமையும் பட்டுக்கொண்டோம். பிறகு என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, கூட்ட அறிவிப்பு, ஏற்கெனவே பத்து குழுக்களில் பார்த்த வீடியோ. வழக்கு பற்றி வந்த கேள்விகள் நான்கு. அவற்றில் இரண்டுக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

ஏன் பேசவில்லை என்று ஒவ்வொருவராகப் போனில் கேட்டோம். நேரமில்லை என்றுதான் பலரும் ஆரம்பித்தார்கள். கொஞ்சம் பேச்சை வளர்த்த பிறகு ஒரு தம்பி உண்மையைச் சொன்னார்: "குழுவுல எங்க சீனியர் இருக்காரு அண்ணா. மெமோ எப்படிப் போடுறதுன்னு அவர் முன்னாடி எப்படிக் கேக்கறது?"

அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருக்கும் வீட்டில், இந்தக் கேள்வியை ராத்திரி சாப்பிடும்போதே கேட்டுவிடலாம். எங்களில் பெரும்பாலானோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கருப்புக் கோட்டு போட்டவர்கள். நமக்கு அந்தச் சாப்பாட்டு மேசை கிடையாது. "கோட்டாவுல வந்தவன்தானே" என்ற பேச்சை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவன், தெரியாததைப் பொதுவில் ஒப்புக்கொள்ள நூறு முறை யோசிப்பான். குழு அமைதியாக இருந்ததற்குக் காரணம் அக்கறைக் குறைவு அல்ல, கூச்சம். அதைப் புரிந்துகொள்ளாமல் "எல்லோரும் பேசுங்கள் தோழர்களே" என்று வாரம் ஒரு செய்தி போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது குழுவை 11 பேரோடு தொடங்கினோம். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசினோம். கேட்டது இரண்டே கேள்விகள். போன மாதம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்? எந்த விஷயத்தை இன்னொருவருக்குத் தைரியமாகச் சொல்லித்தர முடியும்? இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். குழுவை நடத்தியது அந்த நோட்டுதான் என்று சொன்னால் மிகையில்லை. சீனியர்கள் யாரையும் முதல் ஆறு மாதம் சேர்க்கவில்லை. அதில் ஒருவருக்கு எங்கள் மேல் இன்னும் வருத்தம் உண்டு.

குழு சிறிதானாலும் கேள்விகள் எங்கள் இன்பாக்ஸுக்குத்தான் வந்தன. அங்கேயே பதில் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் ஒருவருக்கு மட்டும்தான் பயன், கேட்கும் பழக்கமும் குழுவுக்கு வராது. அதனால், "இதைக் குழுவில் கேளுங்கள், கூச்சமாக இருந்தால் உங்கள் பேர் இல்லாமல் நாங்களே போடுகிறோம்" என்று சொன்னோம். முதல் மாதம் வந்த 9 கேள்விகளில் 7 அப்படிப் பேர் இல்லாமல் போனவை. கேள்வியைப் போடுவதற்கு முன்னால் நோட்டைப் புரட்டி, அந்த விஷயம் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்து, "எட்டு மணிக்கு ஒரு கேள்வி வரும், கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவைப்போம். கொஞ்சம் நாடகம்தான். ஆனால் பதில் வராத ஒரு கேள்வியைப் பார்த்தவுடன், வாசித்துக்கொண்டிருக்கும் பத்துப் பேரும் தங்கள் கேள்வியை மடித்து வைத்துவிடுகிறார்கள். முதல் குழுவில் அதைக் கண்ணால் பார்த்தோம்.

திருப்பம் ஒரு இரவு பத்தரை மணிக்கு வந்தது. ஒரு தங்கை இன்பாக்ஸில் எழுதினார்: "அண்ணா, அக்யூஸ்டோட ஜாமீன் மனு நாளைக்குக் காலையில வருது. பாதிக்கப்பட்டவங்களுக்கு நோட்டீஸே வரல. நான் போய் நின்னா கேப்பாங்களா?" நீங்களே குழுவில் போடுங்கள் என்று தைரியம் சொன்னோம். நான்கு விஷயங்களை மட்டும் எழுதச் சொன்னோம்: எந்த நீதிமன்றம், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இதுவரை என்ன செய்தீர்கள், எப்போதைக்குள் பதில் வேண்டும். முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டவரின் சொந்தப் பேரிலேயே போனது.

இருபது நிமிடத்தில் பதில்கள் வரத் தொடங்கின. சட்டத்தின் 15ஏ பிரிவில் உட்பிரிவு 3 நோட்டீஸ் பெறும் உரிமையையும், உட்பிரிவு 5 ஜாமீன் விசாரணையில் பேசும் உரிமையையும் பாதிக்கப்பட்டவருக்குத் தருகின்றன என்றார் ஒருவர். அவை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் சொன்ன தீர்ப்பை இன்னொருவர் அனுப்பினார். மூன்றாமவர் தான் முன்பு தாக்கல் செய்த மெமோவைப் பேர்களை அடித்துவிட்டுப் போட்டார். நான்காமவர் சொன்னதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது: "அந்த அம்மாவையே கூட்டிட்டுப் போங்க. வக்காலத்துல காலையிலேயே கையெழுத்து வாங்கிடுங்க. கேஸ் கூப்பிடுறதுக்கு முன்னாடி அரசு வக்கீல்கிட்ட ஒரு காப்பி குடுத்திடுங்க."

இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். அந்த அம்மா பேசவும் செய்தார். ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் ஊருக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. தங்கை அதையும் குழுவில் வந்து எழுதினார். அதை எழுதச் சொல்லி நாங்கள் இரண்டு முறை நினைவூட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உதவி கேட்டவர் முடிவைச் சொல்லாமல் போனால், அடுத்த முறை ராத்திரி பத்தரைக்கு யாரும் போனை எடுத்துத் தட்டச்சு செய்ய மாட்டார்கள். மூன்று வாரம் கழித்து வேறொரு மாவட்டத்தில் அதே மெமோ பயன்பட்டது.

எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் முதல் தகவல் அறிக்கையைப் போட்டோ எடுத்து அப்படியே குழுவில் போட்டார். பாலியல் வன்கொடுமை வழக்கு, பெண்ணின் பேர் அதில் தெளிவாக இருந்தது. அந்த அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். உடனே அழித்தோம், அது சரி. ஆனால் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டியும் எழுதிவிட்டோம். நான்கு மாதம் அவர் வாயே திறக்கவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மறுபடி எழுதினார். இப்போது அட்மின் செய்தியை நீக்கினால் குழுவில் ஒரு வரி விதியை மட்டும் நினைவூட்டுவோம், ஆளிடம் போனில் பேசுவோம். "இதுகூடத் தெரியாதா" என்று எழுதுகிறவருக்கும் அதே போன்தான்.

தவறான பதில்களும் வரும். சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் வழக்கமான ஜாமீன் மனு போடலாம் என்று ஒருவர் உறுதியாக எழுதினார். இந்தச் சட்டத்தில் 14ஏ பிரிவின்படி மேல்முறையீடாகத்தான் போக வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்தோம். பதில் சொல்பவர் பிரிவைக் குறிப்பிட வேண்டும், அல்லது "நான் இப்படிச் செய்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அல்லது "எனக்குத் தோன்றுவது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது 46 பேர் இருக்கிறோம். எத்தனை செய்தி வந்தது என்று நாங்கள் எண்ணுவதில்லை. மாதக் கடைசியில் நோட்டில் இரண்டு எண்களை எழுதுகிறோம்: வெவ்வேறு ஆட்கள் எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், ஒரு நாளைக்குள் பதில் வராத கேள்விகள் எத்தனை. போன மாதம் 17, 2. பேர் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. ஆனால் பட்டியலைப் பார்த்தால், ஆறு பேர் சேர்ந்ததிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. ஆறு பேரில் ஐந்து பேர் பெண்கள். வரும் சனிக்கிழமை அவர்களுக்குப் போன் செய்யப்போவது நாங்கள் இல்லை, அன்று ராத்திரி பத்தரைக்குக் கேள்வி கேட்ட அந்தத் தங்கைதான்.