பத்துக்கு மூன்று

பெண் கறுப்பு என்றாலும், சம்பளம் போதாது என்றாலும், வேறு பெரிய இடம் வந்துவிட்டது என்றாலும் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் காரணம் ஒன்றுதான். "ஜாதகம் சேரலைங்க." யார் மனமும் நோகாது, யாரும் மேலே கேட்கவும் முடியாது. அதனால்தான் பெண்ணைப் பெற்ற யாரும் இந்த வாக்கியத்தை நம்புவதில்லை. பல வீடுகளில் இதைக்கூடச் சொல்வதில்லை, போனை எடுக்காமல் விட்டுவிடுவார்கள்!

மன்னார்புரத்தில் ஒரு வீட்டுக்கு இந்த பதில் கடிதமாக வந்தது. மாப்பிள்ளை வீடு ஒன்றும் தூரம் இல்லை, ஸ்ரீரங்கம்தான். ஆனாலும் பையனின் அம்மா தன் கைப்பட எழுதி, பெண்ணின் ஜாதக நகலையும் போட்டோவையும் மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் திருப்பி அனுப்பியிருந்தார். மஞ்சள் தடவிக் கொடுத்த ஜாதகம் அப்படியே திரும்பி வந்தது. அவற்றைத் திருப்பித் தருவது பழைய மரியாதை. இப்போது ஜாதகம் வாட்ஸப்பில் போவதால் திருப்பித் தர எதுவும் இல்லை.

"அன்புள்ள சகோதரிக்கு" என்று தொடங்கிய கடிதம் இது. "உங்கள் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததுமே எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பத்துக்கு மூன்று பொருத்தம்தான் வருகிறது. ரஜ்ஜுவும் தட்டுகிறது, அதுவும் வயிற்று ரஜ்ஜு. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் இவன் பிறந்தான். அந்த வருஷங்களில் நான் கேட்ட பேச்சை இன்னொரு பெண் கேட்க வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்கள் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. தப்பாக நினைக்க வேண்டாம்."

பெண்ணின் அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு அவர் செய்த முதல் வேலை, பஞ்சாங்கத்தை எடுத்து அந்த மூன்று உண்மையா என்று சரிபார்த்ததுதான். பொய்க் காரணமாக இருந்தால் கோபப்பட்டுவிட்டு மறந்துவிடலாமே!

பெண்ணுக்குக் கார்த்திகை 4-ம் பாதம், ரிஷப ராசி. பையனுக்குப் புனர்பூசம் 2-ம் பாதம், மிதுன ராசி. பத்துப் பொருத்தத்துக்கு இவ்வளவுதான் தேவை. லக்னம் வேண்டாம், செவ்வாய் எங்கே இருக்கிறது என்பது வேண்டாம். இரண்டு பேரும் பிறந்தபோது சந்திரன் நின்ற இடம் மட்டும் போதும். அதே நாள் அதே நட்சத்திரப் பாதத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனோடு இதே மார்க்தான் வரும்.

பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து பையனின் நட்சத்திரம் வரை எண்ண வேண்டும். கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை, புனர்பூசம். ஐந்து வருகிறது. ஐந்து வந்தால் தினப் பொருத்தம் இல்லை, மகேந்திரமும் இல்லை. ஸ்திரீ தீர்க்கத்துக்கு பதிமூன்றைத் தாண்ட வேண்டும், அதுவும் இல்லை. கார்த்திகை ராட்சஸ கணம், புனர்பூசம் தேவ கணம், எனவே கணமும் போச்சு. பையனின் ராசி இரண்டாவதாக வருவதால் ராசி இல்லை, வசியமும் இல்லை. கடைசியில் தேறியவை யோனி, ராசி அதிபதி, வேதை மட்டும். ஆடும் பூனையும் பகை இல்லை, சுக்கிரனும் புதனும் நட்பு, கார்த்திகைக்கு வேதை விசாகம்தான். ஆக மூன்று. அந்தம்மா எழுதியது சரி.

ரஜ்ஜு இருக்கிறதே, அது மற்ற ஒன்பதைப் போல ஒரு மார்க் இல்லை. ஒன்பது பொருந்தி ரஜ்ஜு மட்டும் தட்டினாலும் வேண்டாம் என்று சொல்லும் ஜோசியர்கள் நிறைய. நட்சத்திரங்களைத் தலை, கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். இருவரும் ஒரே பிரிவில் வரக் கூடாது. கார்த்திகையும் புனர்பூசமும் வயிறு. வயிறு தட்டினால் குழந்தைக்குக் கேடு என்பது சாஸ்திரக்காரர்கள் சொல்வது. ஒன்பது வருஷம் காத்திருந்த ஒருத்தி அதை எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பெண் சும்மா இருக்கவில்லை. பிறந்த நேரத்தை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். அது ரோகிணி 1-ம் பாதம் என்றது.

வீட்டில் குழப்பம். பஞ்சாங்கத்தைத்தான் கேட்க வேண்டும். அவள் பிறந்தது மாலை 6.40-க்கு. ஜாதகம் எழுதியவர் வைத்திருந்தது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி அன்று கார்த்திகை முடிவது 7.20-க்கு. கம்ப்யூட்டர் போடுவது திருக்கணிதம். அதில் கார்த்திகை 6.05-க்கே முடிந்துவிட்டது. வாக்கியம் என்பது வரருசி செய்ததாகச் சொல்லப்படும் 248 வாக்கியங்களை வைத்து, 248 நாளுக்கு ஒரு சுற்றாகச் சந்திரனைக் கணக்கிடும் பழைய முறை. திருக்கணிதம் வானத்தில் கண்ட நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு. இரண்டுக்கும் நட்சத்திர முடிவில் சில நாள் கொஞ்ச நேரம்தான் வித்தியாசம், சில நாள் மணிக்கணக்கில். சனிப்பெயர்ச்சியில் இது ஊருக்கே தெரியும். 2023-ல் திருக்கணிதப்படி ஜனவரியிலேயே சனி கும்பத்துக்குப் போய்விட்டார். வாக்கியப்படி திருநள்ளாறில் டிசம்பர் 20-ம் தேதிதான் பெயர்ச்சி நடந்தது.

சரி, ரோகிணியை வைத்து எண்ணினால்? ஐந்து நான்காகிறது. தினம் வந்துவிட்டது. மகேந்திரமும் வந்துவிட்டது. ரோகிணி மனுஷ கணம், அதனால் கணமும் சரி. ரோகிணிக்குக் கழுத்து ரஜ்ஜு, பையனுக்கு வயிறு, தட்டவில்லை. யோனி, அதிபதி, வேதை முன்போலவே உண்டு. ராசி மாறாததால் ராசியும் வசியமும் முன்போலவே இல்லை, நான்கு என்பதால் ஸ்திரீ தீர்க்கமும் இல்லை. மொத்தம் ஏழு! பெண்ணும் மாறவில்லை, பையனும் மாறவில்லை, மூன்று ஏழாகிவிட்டது.

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடலாமா?" என்றார் அப்பா. அவர் குரலில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெம்பு.

"சொல்லி?" என்றார் அம்மா. "அவங்க வாக்கியம்தான் பார்க்கறவங்க. நமக்காகச் சரின்னு ஒத்துக்கிட்டாலும், நாளைக்கு ஒரு வருஷம் குழந்தை தள்ளிப்போச்சுன்னா? அந்தம்மா வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டாங்க. ஆனா அவங்க மனசுல கார்த்திகைதான் இருக்கும். நம்ம பொண்ணு அந்த வீட்டுல கார்த்திகையாவே இருக்கணும்."

அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. திருக்கணிதம்தான் சரி என்று வாதாடி ஜெயிக்கலாம்தான். வானத்தில் சந்திரன் எங்கே இருந்தது என்று கேட்டால் கம்ப்யூட்டர் பக்கம்தான் நியாயம். ஆனால் ஸ்ரீரங்கத்து வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே.

பெண் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தாள். "இவ்வளவு பேர் ஜாதகம் சேரலைன்னு சொல்லியிருக்காங்கப்பா. கணக்கைச் சொன்னது இவங்க ஒருத்தர்தான்" என்றாள்.

அம்மா அன்று மாலையே ஒரு கார்டில் நான்கு வரி எழுதினார். ஜாதகமும் போட்டோவும் பத்திரமாக வந்து சேர்ந்தன, உங்கள் மகனுக்கு நல்ல இடம் அமையட்டும் என்று மட்டும். ரோகிணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் அப்பா புதிதாக இருபது நகல் எடுக்கக் கடைக்குப் போனார். இந்த முறை நட்சத்திரம் போடும் இடத்தில் இரண்டு வரி இருந்தது. வாக்கியம்: கார்த்திகை 4. திருக்கணிதம்: ரோகிணி 1.